ஈ.ஈ.எஃப்.சி. டாலர் கணக்கு: மாதக் கடைசி ரீவேல்யூவேஷனும் எக்ஸ்சேஞ்ச் லாபத்தைப் பிரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றுமதி நிறுவனங்களில் கணக்கு எழுதுகிறவர்கள் மார்ச் மாதம் முடிந்ததும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாமே ஏற்றுமதியில் வந்த டாலரை ரூபாயாக மாற்றாமல் டாலராகவே வைத்திருக்கும் ஈ.ஈ.எஃப்.சி. நடப்புக் கணக்கைப் பற்றியவை. கீழே வரும் டாலர் விகிதங்கள் கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று நானே வைத்தவை. அந்த நாட்களின் உண்மையான சந்தை விகிதங்கள் அல்ல.

பேங்க் ஸ்டேட்மென்ட் முழுக்க டாலரில்தான் இருக்கிறது. ரூபாயே இல்லாத தாளை வைத்து ரூபாய்க் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

முதல் வேலை டாலரை டாலரோடு சேர்ப்பதுதான். ரூபாயை அதுவரை மறந்துவிடுங்கள். ஸ்டேட்மென்டின் கடைசி இருப்பு 20,000 டாலர் என்றால் உங்கள் லெட்ஜரின் டாலர் பத்தியிலும் 20,000 இருக்க வேண்டும். 35 டாலர் இடித்தால், இருப்பை மாதக் கடைசி விகிதத்துக்கு மாற்றி எழுதும் ரீவேல்யூவேஷன் பக்கமே போகாதீர்கள். அந்த 35 டாலர் பெரும்பாலும் வங்கி பிடித்த கட்டணமாக இருக்கும். யாரோ அதை ரூபாயில் மட்டும் என்ட்ரி போட்டிருப்பார்கள், டாலர் பத்தி காலியாக நிற்கும். இதைக் கவனிக்காமல் ரீவேல்யூ செய்தால் அந்த 35 டாலரின் முழு ரூபாய் மதிப்பும் எக்ஸ்சேஞ்ச் வித்தியாசம் என்ற பெயரில் லாப நட்டக் கணக்குக்குள் போய்விடும். பிறகு யாராலும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

டாலர் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு வரிக்கும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டாலரை ரூபாயாக மாற்றிய வரிக்கு வங்கி கொடுத்த அட்வைஸில் விகிதமும் ரூபாய்த் தொகையும் இருக்கும். அந்தத் தொகை உங்கள் ரூபாய் நடப்புக் கணக்கில் அதே தேதியில் வரவாகியிருக்கும். அந்த வரிக்கு வேறு எந்த விகிதமும் செல்லாது. டாலராகவே வந்த வரவுக்கும் டாலராகவே போன செலவுக்கும் அட்வைஸில் ரூபாய் விகிதம் இருக்காது. அவற்றுக்கு அந்தந்த நாளின் விகிதத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

டாலர் அப்படியே கணக்கில் கிடக்கிறது. ஒரு டாலர்கூட விற்கவில்லை. லாபம் எங்கிருந்து வந்தது?

உங்கள் புத்தகம் ரூபாயில் இருப்பதால் வந்தது. வங்கியில் உள்ள அந்நியச் செலாவணி பண உருப்படி. ஏஎஸ் 11 ஆனாலும் இண்ட் ஏஎஸ் 21 ஆனாலும், அதைக் காலக் கடைசி விகிதத்தில் காட்டி வித்தியாசத்தை லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோகச் சொல்கின்றன. அது ஏட்டளவு லாபம்தான், அன்ரியலைஸ்டு. ஏப்ரலில் டாலர் இறங்கினால் அதுவும் இறங்கும்.

ஒரு மாதத்தை எண்களோடு போட்டுக் காட்ட முடியுமா?

ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 12 அன்று வாங்குபவரிடமிருந்து 20,000 டாலர் வருகிறது. அன்றைய விகிதம் 86.00, புத்தகத்தில் ரூ.17,20,000. பிப்ரவரி 28 அன்று விகிதம் 86.50. இருப்பை ரூ.17,30,000 ஆக உயர்த்தி, ரூ.10,000 ஏட்டளவு லாபம் எழுதிவிட்டார்கள். இனி மார்ச்.

மார்ச் 5 அன்று இன்னொரு 30,000 டாலர் வருகிறது. விகிதம் 87.00, ரூபாயில் 26,10,000. மார்ச் 18 அன்று 25,000 டாலரை 87.40க்கு மாற்றுகிறார்கள், ரூபாய்க் கணக்கில் 21,85,000 விழுகிறது. மார்ச் 25 அன்று வெளிநாட்டு ஏஜென்டுக்குக் கமிஷன் 5,000 டாலர் இதே கணக்கிலிருந்து போகிறது. அன்றைய விகிதம் 86.80, கமிஷன் செலவு ரூ.4,34,000. மாதக் கடைசியில் மிச்சம் 20,000 டாலர். மார்ச் 31 விகிதம் 86.60.

மொத்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்த டாலர் எப்போது வந்தது என்று பார்க்கவே வேண்டாம். தொடக்க இருப்பு 17,30,000. வரவு 26,10,000 சேர்த்தால் 43,40,000. அதிலிருந்து 21,85,000, 4,34,000 இரண்டையும் கழித்தால் 17,21,000. லெட்ஜரில் இப்போது நிற்கிற ரூபாய் இதுதான். இருக்க வேண்டியது 20,000 × 86.60 = 17,32,000. வித்தியாசம் ரூ.11,000. மார்ச் மாதத்தில் இந்தக் கணக்கு தந்த மொத்த எக்ஸ்சேஞ்ச் லாபம் அவ்வளவுதான்.

எக்செலில் டாலர் இருப்பு D20இலும் புத்தக ரூபாய் E20இலும் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=ROUND(D20*86.60,2)-E20
```

இந்த 11,000ஐ முதலில் எழுதி வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி எப்படிப் பிரித்தாலும் கூட்டல் இந்த எண்ணுக்கு வந்தாக வேண்டும். என் அனுபவத்தில் பிரிப்பதில் தவறு செய்கிறவர்கள் எல்லோரும் மொத்தத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே பிரிக்கத் தொடங்கியவர்கள்.

அந்த 11,000இல் எது கைக்கு வந்தது, எது ஏட்டளவு?

கணக்கை விட்டு வெளியே போன டாலரில் விளைந்தது கைக்கு வந்தது. கணக்கிலேயே நிற்கும் டாலரில் விளைந்தது ஏட்டளவு. போன டாலர் எந்த வரவிலிருந்து போனது என்பதற்கு ஒரு முறையை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வந்தது முதலில் போகிறது என்று வைத்தால், மார்ச் 18 அன்று போன 25,000இல் 20,000 பிப்ரவரி டாலர், 5,000 மார்ச் டாலர். பிப்ரவரி டாலர் புத்தகத்தில் 86.50இல் நிற்கிறது. 87.40க்குப் போனதால் டாலருக்கு 90 பைசா, ரூ.18,000. மார்ச் டாலர் 87.00இலிருந்து 87.40க்குப் போனது, ரூ.2,000. ஏஜென்டுக்குப் போன 5,000 டாலரும் மார்ச் டாலர்தான். 87.00க்கு வந்தது 86.80க்குப் போயிருக்கிறது, ரூ.1,000 நட்டம். ஆக கைக்கு வந்த லாபம் ரூ.19,000. மிச்சமுள்ள 20,000 டாலர் 87.00இல் நிற்கிறது. அதை 86.60க்கு இறக்கினால் ஏட்டளவு நட்டம் ரூ.8,000. இரண்டையும் சேர்த்தால் 11,000.

ஏஜென்டுக்கு டாலராகக் கொடுத்ததில் லாப நட்டம் என்ன இருக்கிறது, ரூபாயாக மாற்றவே இல்லையே என்று பலர் கேட்பார்கள். கமிஷன் செலவை அன்றைய விகிதத்தில் ரூ.4,34,000 என்று எழுதினீர்கள் அல்லவா? கணக்கிலிருந்து எடுத்த அந்த டாலர் புத்தகத்தில் ரூ.4,35,000க்கு நின்றது. அந்த ஆயிரம் எங்காவது போக வேண்டும். டாலர் கையை விட்டுப் போய்விட்டதால் அது ரியலைஸ்டு.

சராசரி முறையில் போட்டால் பிரிவு மாறும். மார்ச் 5 அன்று 50,000 டாலருக்கு ரூ.43,40,000, சராசரி 86.80. மாற்றிய 25,000இல் டாலருக்கு 60 பைசா, ரூ.15,000. கமிஷன் சரியாக 86.80க்கே போனதால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மிச்சத்தில் டாலருக்கு 20 பைசா குறைவு, ரூ.4,000 ஏட்டளவு நட்டம். 15,000இல் 4,000 போக அதே 11,000. முதல் முறையில் 19,000க்கு 8,000, இரண்டாவதில் 15,000க்கு 4,000. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆண்டுதோறும் அதையே தொடர வேண்டும். லாபம் எந்தப் பக்கம் வசதியாக விழுகிறது என்று பார்த்து முறையை மாற்றினால் ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஈ.ஈ.எஃப்.சி.க்கு முதலில் வந்தது முதலில் போகும் முறையே எனக்குப் பிடிக்கும். ஒரு காலண்டர் மாதத்தில் சேர்ந்த டாலரில், அனுமதிக்கப்பட்ட செலவுக்கும் ஃபார்வர்டு பொறுப்புக்கும் போக மிச்சத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்ற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிப்ரவரியில் வந்த 20,000 மார்ச் 31க்குள் போயிருக்க வேண்டும். வரவு வாரியாக எழுதியிருந்தால் அது போய்விட்டதா என்பது அதே தாளில் தெரிந்துவிடும். சராசரியில் எல்லா டாலரும் கலந்துவிடுவதால் அது தெரியாது.

பிப்ரவரியில் போட்ட 10,000ஐ மார்ச் 1 அன்று திருப்ப வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டுமே சரி. இரண்டையும் பாதிப் பாதி செய்வதுதான் தவறு. நான் பார்த்த பிழைகளில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது.

திருப்பாத வழியில், மார்ச் 1 அன்று பிப்ரவரி டாலரின் விலை 86.50. கைக்கு வந்த லாபத்தை அங்கிருந்து எண்ணுகிறோம். மேலே போட்டது இந்த வழிதான். கைக்கு வந்தது 19,000, ஏட்டளவு நட்டம் 8,000, மொத்தம் 11,000.

திருப்பும் வழியில், மார்ச் 1 அன்று பிப்ரவரியின் 10,000 லாபத்தை எதிர் என்ட்ரி போட்டு அழிக்கிறோம். டாலர் பழைய 86.00க்குத் திரும்புகிறது. இப்போது பிப்ரவரி டாலரில் லாபம் டாலருக்கு 1 ரூபாய் 40 பைசா, ரூ.28,000. மார்ச் டாலரின் 2,000ஐச் சேர்த்து, கமிஷன் 1,000ஐக் கழித்தால் கைக்கு வந்தது 29,000. ஏட்டளவில் பழைய 10,000 திரும்பிப் போனது, புதிய நட்டம் 8,000. 29,000இலிருந்து 18,000 போக 11,000.

இந்த வழியில் கைக்கு வந்த எண் டாலர் வந்த நாளிலிருந்து போன நாள் வரைக்குமான முழு லாபத்தைக் காட்டும். ஏற்றுமதி மேலாளருக்கு அதுதான் புரியும். அதனால் மாதாமாதம் ரீவேல்யூ செய்கிற இடங்களில் நான் இதையே சொல்வேன்.

கலந்துவிட்டால் என்ன ஆகும்? திருப்பாமல் விட்டுவிட்டு 86.00இலிருந்து எண்ணினால் 29,000இல் 8,000 போக 21,000 வரும். பிப்ரவரியின் 10,000 இரண்டு முறை லாபமாகிவிட்டது. திருப்பிவிட்டு 86.50இலிருந்து எண்ணினால் 19,000இல் 18,000 போக வெறும் 1,000. பத்தாயிரம் காணாமல் போய்விட்டது. இரண்டு பிழையிலும் விலகல் சரியாகப் போன மாத ரீவேல்யூவேஷன் தொகைதான். உங்கள் பிரிவின் கூட்டல் வட்டம் போட்ட எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தொகையைப் போன மாத ஜர்னலில் தேடுங்கள். கிடைத்துவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சாஃப்ட்வேர் மாதத்தின் முதல் நாள் தானாகவே எதிர் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தது. அது தெரியாமல் நான் எக்செலில் ரீவேல்யூ செய்த விகிதத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் பேங்க் லெட்ஜரின் ரூபாய் இருப்பு எக்செல் இருப்போடு சேரவில்லை. சேராத தொகையை “ரவுண்டிங்” என்று எழுதி வைத்திருந்தேன். ஐந்து இலக்கத்தில் ரவுண்டிங் வருமா என்று ஆடிட்டர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மாதக் கடைசி விகிதம் என்று எதை எடுப்பது? வங்கி ஒன்று சொல்கிறது, இணையம் ஒன்று சொல்கிறது.

பெரும்பாலான நிறுவனங்கள் எஃப்.பி.ஐ.எல். வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட்டை எடுக்கின்றன. 2018 ஜூலை 9 வரை இதை ரிசர்வ் வங்கியே கணக்கிட்டு வந்தது, அதன் பிறகு எஃப்.பி.ஐ.எல். செய்கிறது. கூகுளில் தேடி வருகிற எண்ணையும், வங்கியின் கார்டு ரேட்டையும், கைபேசி ஆப் காட்டும் எண்ணையும் மாற்றி மாற்றி எடுக்காதீர்கள்.

விடுமுறையில் ஒரு சிக்கல் வரும். 2024இல் மார்ச் 31 ஞாயிறு, 29 புனித வெள்ளி. 2025இல் மார்ச் 31 ரம்ஜான். இரண்டு ஆண்டிலும் கடைசியாக விகிதம் வெளியானது மார்ச் 28தான். அந்த விகிதத்தை எடுத்து, ரீவேல்யூவேஷன் ஜர்னலின் விவரத்தில் தேதியையும் எழுதிவிடுங்கள். ஏப்ரல் 1 அல்லது 2இன் விகிதத்தை எடுத்து மார்ச் 31க்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அது அடுத்த ஆண்டின் விகிதம்.

டாலர் இருப்பு பூஜ்யம். லெட்ஜரில் மட்டும் ரூ.4,310 நிற்கிறது. இதை ரைட் ஆஃப் செய்துவிடலாமா?

செய்ய வேண்டாம், அது எக்ஸ்சேஞ்ச் வித்தியாசம். டாலர் பூஜ்யமானால் ரூபாயும் பூஜ்யமாக வேண்டும். மிச்சம் நிற்கிறது என்றால் கடைசி டாலர் போனபோது அதன் லாபமோ நட்டமோ எழுதப்படவில்லை. டெபிட்டில் நின்றால் நட்டம், கிரெடிட்டில் நின்றால் லாபம். கணக்கில் ஒரு டாலரும் இல்லாததால் முழுவதும் கைக்கு வந்தது, ஏட்டளவுக்கு இடமே இல்லை. இதை மிஸ்லேனியஸில் தள்ளினால் எக்ஸ்சேஞ்ச் தொகை அந்த அளவு தப்பாகிவிடும்.

இன்வாய்ஸ் 30,000 டாலர், வந்தது 29,975. அந்த 25 டாலர் எக்ஸ்சேஞ்ச் நட்டம்தானே?

இல்லை. வழியில் இருந்த வங்கி பிடித்த கட்டணம் அது, வங்கிச் செலவில் போக வேண்டும். எக்ஸ்சேஞ்ச் வித்தியாசம் விகிதம் மாறினால் மட்டும்தான் வரும். டாலர் குறைந்தால் அது செலவு, தள்ளுபடி அல்லது வராக்கடன்.

இன்வாய்ஸ் நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையில் விகிதம் மாறியிருந்தால் அதிலும் ஒரு லாபம் இருக்கும். அது வாங்குபவர் கணக்கில் கைக்கு வந்தது. டாலர் ஈ.ஈ.எஃப்.சி.யில் விழுந்த நிமிடமே அந்தக் கணக்கு முடிந்தது. அந்த நாளின் விகிதத்திலிருந்து வங்கிக் கணக்குக்குப் புதிய கணக்கு தொடங்குகிறது. சிலர் இன்வாய்ஸ் விகிதத்தையே வங்கிக் கணக்கிலும் போட்டுவிட்டு, மாற்றும்போது மொத்த லாபத்தையும் ஒன்றாகக் காட்டுவார்கள். டாலர் மார்ச் 31 அன்று வங்கியில் இருந்தால், வாங்குபவரிடம் ஏற்கெனவே கைக்கு வந்த லாபம் ஏட்டளவாகக் காட்டப்பட்டுவிடும்.

டேலி எல்லாவற்றையும் ஒரே வரியில் காட்டுகிறதே?

பேலன்ஸ் ஷீட்டில் `Unadjusted Forex Gain/Loss` என்று வரும் அந்த வரி, நீங்கள் இன்னும் ஜர்னல் போடாத மொத்த வித்தியாசம். நம் மார்ச் கணக்கில் அது 11,000 காட்டும். வங்கி டாலர் கணக்கில் மட்டும் வந்ததா, வாங்குபவர் கணக்குகளும் சேர்ந்ததா என்பதை உள்ளே திறந்து லெட்ஜர் வாரியாகப் பார்க்க வேண்டும். கைக்கு வந்தது, ஏட்டளவு என்று அது பிரித்துத் தராது. இரண்டு லெட்ஜர் திறந்து, எக்செலில் பிரித்த தொகைகளை நீங்கள்தான் அந்த ஜர்னலில் போட வேண்டும். போட்ட பிறகு அந்த வரி பேலன்ஸ் ஷீட்டை விட்டு மறைய வேண்டும். சில நூறு ரூபாயாவது நின்றால் ஏதோ ஒரு லெட்ஜர் விட்டுப்போயிருக்கிறது.

இரண்டுமே லாப நட்டக் கணக்குக்குத்தானே போகிறது? இவ்வளவு பாடுபட்டுப் பிரிப்பது யாருக்காக?

வருமான வரிக்காக என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2026 மார்ச் வரையிலான ஆண்டுகளுக்குப் பொருந்தும் 1961 சட்டத்தில் 2018 நிதிச் சட்டம் சேர்த்த 43ஏஏ பிரிவும் ஐ.சி.டி.எஸ். 6உம் இப்படிப்பட்ட பண உருப்படியின் காலக் கடைசி வித்தியாசத்தையும் அந்த ஆண்டின் வருமானமாகவோ நட்டமாகவோதான் எடுக்கின்றன. ஏட்டளவு லாபம் என்று சொல்லி வரிக் கணக்கில் கழிக்க முடியாது.

கம்பெனி என்றால் டிவிடெண்டுக்கு இது தேவைப்படும். கம்பெனிகள் சட்டம் 2013இன் 123ஆம் பிரிவு, டிவிடெண்டுக்கான லாபத்தைக் கணக்கிடும்போது அன்ரியலைஸ்டு லாபத்தை விலக்கச் சொல்கிறது. இயக்குநர் குழு டிவிடெண்ட் பற்றிப் பேச உட்காரும் நாளில் யாராவது அந்த எண்ணைக் கேட்பார்கள். நம் கணக்கில் மார்ச் 31 அன்று நிற்பது 8,000 நட்டம் என்பதால் விலக்க லாபம் எதுவும் இல்லை. 86.60க்குப் பதில் 87.50இல் மார்ச் முடிந்திருந்தால் அதே 20,000 டாலரில் ரூ.10,000 ஏட்டளவு லாபம் இருந்திருக்கும். பிரித்து வைக்காதவர் அதையும் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்தில் சேர்த்திருப்பார்.